திரும்பி வந்த காசோலை: நான் எழுதிய கேட்பு அறிவிப்பு சரியா?

மண்டபம் கயிற்றுக்கடை | 10 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் சிறிய கடை நடத்தி வருகிறேன். ஒரு படகு உரிமையாளர் ஆகஸ்ட் மாதம் என்னிடம் 1,18,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, செப்டம்பர் 15 தேதியிட்ட காசோலையைக் கொடுத்தார். மீன்பாடு சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நான் அதை உடனே வங்கியில் போடவில்லை. அக்டோபர் 3 அன்று ஜிபே வழியாக 30,000 ரூபாய் அனுப்பினார். பிறகு பேச்சு மூச்சில்லை என்பதால், அக்டோபர் 27 அன்று காசோலையைப் போட்டேன். மறுநாளே போதிய பணமில்லை என்று திரும்பிவிட்டது. அன்று மாலை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. காசோலையையும் திருப்புச் சீட்டையும் கிளைக்குப் போய் வாங்கியது நவம்பர் 3 அன்று.

அவருக்கு அனுப்புவதற்காக நானே ஓர் அறிவிப்பு எழுதியிருக்கிறேன். அதன் சாரம் இதுதான்:

"தாங்கள் தர வேண்டிய ரூ.88,500, அதற்கான வட்டி, வங்கிக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் ரூ.95,000-ஐ 7 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்படும்."

இதை அனுப்பலாமா? வழக்குரைஞர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டுமா?

---

ஏர்வாடி இளையவன் | 10 நவம்பர்

ஐயா, நிச்சயமாக வழக்குரைஞரின் தலைப்புத்தாளில்தான் அனுப்ப வேண்டும். கடைக்காரர் தாமே எழுதினால் நீதிமன்றம் ஏற்காது. அதோடு 7 நாள் என்பது தவறு, 15 நாள் கொடுக்க வேண்டும். சீட்டை நவம்பர் 3-ல் வாங்கியிருப்பதால், அறிவிப்பை அனுப்ப டிசம்பர் 3 வரை உங்களுக்கு நேரமிருக்கிறது. அவசரப்படாமல் ஒரு முறை நேரில் போய்ப் பேசிப் பாருங்கள்.

---

தொண்டி கருவாடு | 10 நவம்பர்

நானும் இப்படி மாட்டிக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கருவாடு எடுத்த ஒரு மொத்த வியாபாரியின் காசோலை திரும்பியது. அறிவிப்பை ஒழுங்காகத்தான் அனுப்பினேன். ஆனால் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பதின்மூன்றாம் நாளே, இனிமேல் தரமாட்டார் என்று அவரே தொலைபேசியில் சொல்லிவிட்ட கோபத்தில், நீதிமன்றத்தில் முறையீட்டைத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டேன். பதினைந்து நாள் முடிவதற்கு முன்பு கொடுத்த முறையீடு செல்லாது என்று அது நிற்காமல் போய்விட்டது. மறுபடியும் புதிதாகக் கொடுத்து, தாமதத்துக்குக் காரணம் எழுதி, அலைந்தது தனிக் கதை. ஆகவே நாள் கணக்கை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

பழைய குமாஸ்தா | 10 நவம்பர்

ராமநாதபுரத்தில் வழக்குரைஞர் அலுவலகங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வாதாடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இத்தகைய அறிவிப்புகளைத் தட்டச்சு செய்தும், அவை எப்படித் தோற்கின்றன என்பதைப் பார்த்தும் பழகியவன்.

முதலில் இளையவன் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு எழுத்து மூலமான அறிவிப்பைக் கேட்கிறதே தவிர, அதை வழக்குரைஞர்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. காசோலையைப் பெற்றவர் தாமே, தமிழிலேயே, தம் கையெழுத்தோடு அனுப்பலாம். பதினைந்து நாள் என்றது முற்றிலும் சரி. அந்தப் பதினைந்து நாளும் அறிவிப்பு அவர் கைக்குப் போன தேதியிலிருந்து ஓடும், நீங்கள் எழுதிய தேதியிலிருந்து அல்ல.

டிசம்பர் 3 என்ற கணக்கை நான் ஏற்கமாட்டேன். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்ததிலிருந்து 30 நாள் என்பதுதான் சட்டத்தின் வாசகம். குறுஞ்செய்தி தகவலாகுமா, சீட்டு கைக்கு வந்தால்தான் தகவலா என்பதை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஒரு நாள் முழுக்க வாதாடுவார். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல், அக்டோபர் 28-ஐ விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் முப்பதாம் நாள் நவம்பர் 27. அதற்குள் அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். முறையீட்டுக்குத் தாமதமானால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கேட்க வழியுண்டு; அறிவிப்புக்குத் தாமதமானால் அந்த வழி கிடையாது.

காவல் நிலையம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இந்தக் குற்றத்துக்குக் காசோலையைப் பெற்றவர் நீதித்துறை நடுவரிடம் எழுத்து மூலமாக முறையிட வேண்டுமே தவிர, இதில் காவல் துறைக்கு வேலையில்லை.

ஆனால் உங்கள் வரைவில் உண்மையான ஆபத்து இவை எதிலும் இல்லை. காசோலை 1,18,500 ரூபாய்க்கு. நீங்கள் கேட்பதோ 95,000 ரூபாய். அறிவிப்பில் கேட்க வேண்டியது காசோலையில் உள்ள தொகையை. சென்ற செப்டம்பரில்கூட உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே உறுதிசெய்தது: காசோலை ஒரு கோடிக்கு, அறிவிப்பில் கேட்டது இரண்டு கோடி, தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள், அறிவிப்பு செல்லாது என்று முடிந்துவிட்டது.

அப்படியானால் 1,18,500 என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அந்த 30,000 குறுக்கே நிற்கிறது. அதை அவர் அனுப்பியது காசோலையைக் கொடுத்த பின்பு, நீங்கள் வங்கியில் போடும் முன்பு. குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காசோலைக் கடனில் ஒரு பகுதி இடையில் அடைக்கப்பட்டிருந்தால், அதைக் காசோலையிலேயே குறித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் போட வேண்டும், முழுத் தொகைக்கும் போட்டுத் திரும்பினால், போட்ட நாளில் அந்த முழுத் தொகை கடனாக இருக்கவில்லை என்பதால் 138 பொருந்தாது. ஆகவே 1,18,500 என்று கேட்டாலும் சிக்கல், 88,500 என்று கேட்டாலும் சிக்கல்.

நீங்கள் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 30,000 எந்தக் கணக்குக்கு வந்தது?

---

சேதுக்கரை | 11 நவம்பர்

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் என்ற முறையில் ஒரு நடைமுறைக் குறிப்பு. குமாஸ்தா ஐயா சொன்னபடி, பகுதித் தொகை வரவானதைக் காசோலையின் மேலேயே எழுதி மீதிக்கு மறுபடியும் போடலாம் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் இப்போது காசோலைகள் படமாக எடுக்கப்பட்டுத் தீர்வகத்துக்குப் போகின்றன. தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறெந்தத் திருத்தமும் இருக்கக் கூடாது என்பது அந்த முறையின் விதி. எழுத்து சேர்த்த காசோலையைக் கிளை அலுவலர் வாங்கிக்கொள்வாரா, வாங்கினாலும் அந்தப் பக்கத்து வங்கி எந்தத் தொகைக்குப் பணம் கொடுக்கும் என்பது எனக்கே தெளிவில்லாத விஷயம். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு காசோலை பணமானதை நான் பார்த்ததில்லை.

காசோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பதையும் மறக்க வேண்டாம். செப்டம்பர் 15 தேதியிட்டது டிசம்பர் நடுவோடு காலாவதியாகும்.

---

பழைய குமாஸ்தா | 11 நவம்பர்

சேதுக்கரை ஐயா சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீதிமன்றம் சொன்ன வழிக்கும் வங்கி முகப்பில் நடப்பதற்கும் இடையே அந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. வாடிக்கையாளர் ஒத்துழைத்தால், பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 88,500-க்குப் புதிய காசோலை வாங்குவதே சுத்தமான வழி.

---

வள்ளம்88 | 11 நவம்பர்

நான் அந்தப் பக்கத்து ஆள். எனக்கும் இதே போன்ற ஓர் அறிவிப்பு ஒரு டீசல் கடையிலிருந்து வந்திருக்கிறது. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதற்குப் பிறகு மழைக்காலத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டே கிடையாது. தொழிலுக்குப் போகாத நாட்களை அந்தப் பதினைந்து நாளிலிருந்து கழித்துக்கொள்ளலாமா?

---

பழைய குமாஸ்தா | 11 நவம்பர்

கழிக்க முடியாது, தம்பி. அறிவிப்பு கிடைத்த நாளை விட்டு, அடுத்த நாளிலிருந்து பதினைந்து நாட்காட்டி நாட்கள். ஞாயிறும் புயலும் அதற்குள் அடக்கம். உங்கள் வருமானக் கஷ்டம் தவணை கேட்பதற்கு நியாயமான காரணம், அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். தனி இழை தொடங்கினால் உங்கள் தாளைப் பார்த்துச் சொல்கிறேன். இங்கே மண்டபத்தாரின் கேள்வி பாதியில் நிற்கிறது.

---

மண்டபம் கயிற்றுக்கடை | 12 நவம்பர்

ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. தடைக்காலம் முடியும் முன்பு, ஜூன் முதல் வாரத்தில், அதே நபர் 34,200 ரூபாய்க்குக் கயிறும் மிதவையும் எடுத்த பழைய பாக்கி நிற்கிறது. அதற்குக் காசோலை இல்லை. பில்லும் பேரேட்டில் அவர் கையெழுத்தும் உண்டு. அக்டோபர் 3 அன்று வந்த 30,000-ஐ நான் அன்றைக்கே பழைய பாக்கியில்தான் வரவு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் மீதி 4,200 என்று எழுதியும் இருக்கிறது. அறிவிப்பு எழுதும்போது மொத்தக் கணக்கையும் மனத்தில் குழப்பிக்கொண்டு, புதிய கடனிலிருந்து கழித்துவிட்டேன்.

ஒரு சங்கடமும் உண்டு. பணம் அனுப்பிய அன்று அவர் வாட்ஸ்அப்பில், "முப்பது அனுப்பியிருக்கிறேன் அண்ணே, செக்கை இப்போது போட வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அதற்கு நான் "சரி" என்று மட்டும் பதில் போட்டேன்.

---

பழைய குமாஸ்தா | 12 நவம்பர்

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அத்தனை நீளமாகப் பயமுறுத்தியிருக்க மாட்டேன். இது கணக்கையே மாற்றுகிறது.

ஒருவருக்கு ஒரே ஆளிடம் இரண்டு கடன்கள் இருந்து, பணம் வரும்போது எது எதற்கு என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் தீர்க்கின்றன. கொடுத்தவர் இன்ன கடனுக்கு என்று சொல்லியிருந்தால், அல்லது சூழ்நிலையே அப்படிக் காட்டினால், அதன்படிதான் வரவு வைக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமலிருந்து, சூழ்நிலையும் வேறு எதையும் காட்டாவிட்டால், வாங்கியவர் தம் விருப்பப்படி எந்தக் கடனிலும் வரவு வைக்கலாம். நீங்கள் அன்றைக்கே பழைய பாக்கியில் எழுதியிருப்பதால், அந்த வரவு நிலைக்குமானால், காசோலையின் 1,18,500 ரூபாயும் நீங்கள் வங்கியில் போட்ட நாளில் முழுமையாகக் கடனாகவே இருந்தது என்று ஆகிறது. அந்த 2022 தீர்ப்பு உங்களைத் தொடாது.

அந்த வாட்ஸ்அப் வரிதான் இழுபறி. செக்கைப் போட வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னதால், முப்பதாயிரம் காசோலைக் கடனுக்குத்தான் என்று அவர் வாதிடலாம். பழைய பாக்கியைக் கொஞ்சம் அடைத்துவிட்டு, காசோலைக்கு அவகாசம் கேட்டார் என்று நீங்கள் வாதிடலாம். இரண்டுக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. எனக்கு உங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் நடுவர் எப்படிப் படிப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பேரேட்டில் இனி ஓர் எழுத்தும் சேர்க்கவோ திருத்தவோ செய்யாதீர்கள். அந்தப் பக்கம் இருக்கிறபடியே இருப்பதுதான் உங்கள் பலம்.

---

ஏர்வாடி இளையவன் | 12 நவம்பர்

அப்படியென்றால் பழைய பாக்கி 4,200, வட்டி, வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறிவிப்பில் கேட்டுவிடலாம் அல்லவா?

---

பழைய குமாஸ்தா | 12 நவம்பர்

கேட்கலாம், ஆனால் கூட்டிச் சொல்லக் கூடாது. காசோலைத் தொகை இவ்வளவு என்று தனியாக நிற்க வேண்டும். வட்டியையும் செலவையும் வேறு வாக்கியத்தில் தனித் தொகையாகக் குறித்தால், அதனால் அறிவிப்பு செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு மொத்தத் தொகையைக் கேட்டால்தான் கெட்டுப்போகும். என் பழக்கம் என்னவென்றால், இந்த அறிவிப்பில் காசோலையைத் தவிர வேறெதையும் கேட்பதே இல்லை. நாலாயிரத்துக்கு ஆசைப்பட்டு லட்சத்தைக் கெடுத்துக்கொள்வானேன்? பழைய பாக்கிக்குத் தனிக் கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

---

மண்டபம் கயிற்றுக்கடை | 13 நவம்பர்

வரைவை மாற்றி எழுதினேன். தயவுசெய்து பாருங்கள்.

"மண்டபம், 13.11.2025. பதிவுடன் கூடிய விரைவு அஞ்சல் வழியாக.

ஐயா,

தாங்கள் என் கடையில் 2025 ஆகஸ்ட் மாதம் கடனாக எடுத்த வலை, கயிறு முதலிய சரக்குகளின் விலையான ரூ.1,18,500-ஐச் செலுத்தும் பொருட்டு, தங்கள் வங்கிக் கணக்கின் மீது 15.09.2025 தேதியிட்டு ரூ.1,18,500-க்கான காசோலையைத் தங்கள் கையெழுத்துடன் எனக்கு வழங்கினீர்கள். அக்காசோலையை 27.10.2025 அன்று மண்டபத்திலுள்ள என் வங்கிக் கிளையில் செலுத்தினேன். தங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்தால் அது பணமாக்கப்படாமல் திரும்பியது, இத்தகவல் 28.10.2025 அன்று எனக்குக் கிடைத்தது.

தாங்கள் 03.10.2025 அன்று அனுப்பிய ரூ.30,000, 2025 ஜூன் மாதத்துச் சரக்குகளுக்கான தங்களின் முந்தைய பாக்கியில் அன்றே வரவு வைக்கப்பட்டுள்ளது. மேற்படி காசோலைக் கடனில் எத்தொகையும் இதுவரை பெறப்படவில்லை.

எனவே, மேற்படி காசோலைத் தொகையான ரூ.1,18,500-ஐ (ரூபாய் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்) இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் எனக்குச் செலுத்துமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். தவறும்பட்சத்தில், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி தகுதியுள்ள நீதிமன்றத்தில் தங்கள் மீது முறையீடு தாக்கல் செய்யப்படும்."

காசோலை எண், வங்கிக் கிளை, இருவர் முகவரி ஆகியவற்றை இங்கே மறைத்திருக்கிறேன்.

---

பழைய குமாஸ்தா | 13 நவம்பர்

நன்றாக வந்திருக்கிறது. முப்பதாயிரத்தை மறைக்காமல் நீங்களே சொல்லியிருப்பது நல்லது; அவர் பதிலில் முதலில் எடுத்து வீசப்போவது அதுதான். கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் என்று எழுதியதும் சரி. இத்தனாம் தேதிக்குள் என்று நீங்களே குறித்து, அஞ்சல் தாமதத்தால் அது பதினான்காம் நாளாகிவிட்டால், வீண் வம்பு.

காசோலையில் அவர் தம் பெயரில் கையெழுத்திட்டாரா, ஏதேனும் நிறுவனத்தின் முத்திரையின் கீழா? கூட்டு நிறுவனத்தின் கணக்காக இருந்தால், அறிவிப்பு அந்த நிறுவனத்தின் பெயருக்குப் போக வேண்டும்.

---

மண்டபம் கயிற்றுக்கடை | 13 நவம்பர்

அவர் சொந்தச் சேமிப்புக் கணக்குதான் ஐயா, முத்திரை எதுவும் இல்லை. இன்று மதியமே அனுப்பிவிட்டேன். பதிவு அஞ்சல் என்று கேட்டேன்; அது செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது, அதிலேயே பதிவு வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். ரசீதைக் காசோலையோடு பத்திரப்படுத்திவிட்டேன்.

---

தொண்டி கருவாடு | 13 நவம்பர்

வாங்க மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. என் ஆள் முதல் தடவை கதவைப் பூட்டிவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டார்.

---

பழைய குமாஸ்தா | 13 நவம்பர்

சரியான முகவரிக்கு, தபால் தலை ஒட்டி, பதிவாக அனுப்பியிருந்தால், மறுத்தார் என்றோ வீடு பூட்டியிருந்தது என்றோ திரும்பி வந்தாலும், அறிவிப்பு சேர்ந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். எனக்குக் கிடைக்கவே இல்லை என்று உண்மையாகவே சொல்பவர், நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரும்பி வந்த உறையை மட்டும் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

---

மண்டபம் கயிற்றுக்கடை | 17 நவம்பர்

அறிவிப்பு 14-ஆம் தேதி அவர் கையில் சேர்ந்ததாக இணையத்தில் காட்டுகிறது. நேற்று இரவு அவரே தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. ஐம்பதாயிரம் இப்போது தருகிறேன், மீதியைத் தை மாதம் தருகிறேன், வழக்கு மட்டும் வேண்டாம் என்றார். பதினைந்து வருடப் பழக்கம்; அவர் தகப்பனார் காலத்திலிருந்து என் கடையில்தான் கயிறு எடுக்கிறார்கள். ஐம்பதாயிரத்தை வாங்கினால் என் அறிவிப்பு கெட்டுவிடுமா?

---

பழைய குமாஸ்தா | 17 நவம்பர்

கெடாது. முழுத் தொகையும் பதினைந்து நாளுக்குள் வந்தால்தான் அவர் தப்பிக்கிறார். பகுதி வந்தால், வந்ததை முறையீட்டில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இம்முறை எந்தக் கடனுக்கு என்பதை ரசீதிலேயே எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "சரி" என்று போட்டு விட்டுவிடாதீர்கள்.

நாளையும் சொல்லிவிடுகிறேன். 14-ல் கிடைத்ததால் பதினைந்து நாள் நவம்பர் 29-ஓடு முடிகிறது. 30-லிருந்து உங்களுக்கு முறையிடும் உரிமை பிறக்கிறது. அதற்கு ஒரு மாதம், அதாவது டிசம்பர் 30 வரை. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளை மண்டபத்தில் இருப்பதால், அந்த எல்லைக்குரிய நடுவர் மன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். அவருடைய வங்கி எங்கே இருந்தாலும் கவலையில்லை. தை மாதம் வரை பொறுப்பது உங்கள் விருப்பம், ஆனால் தை பிறக்கும்போது டிசம்பர் 30 போயிருக்கும் என்பதை அறிந்து பொறுங்கள்.

---

சேதுக்கரை | 18 நவம்பர்

தவணைக்கு ஒத்துக்கொள்வதாக இருந்தால், மீதித் தொகைக்குத் தை மாதத் தேதியிட்ட புதிய காசோலை ஒன்றை வாங்கிக்கொண்டு பழையதைத் திருப்பிக் கொடுக்கலாம். அது திரும்பினால், எல்லாக் கணக்கும் முதல் நாளிலிருந்து புதிதாக ஓடும்.

---

வள்ளம்88 | 18 நவம்பர்

அந்தப் புதிய காசோலையைக் கொடுத்த பிறகும் மழை நீண்டு தொழில் இல்லாமல் போனால், கொடுத்தவர் இரண்டாம் முறையும் மாட்டிக்கொள்வாரே, அண்ணன்மார்களே?

---

மண்டபம் கயிற்றுக்கடை | 19 நவம்பர்

ஐம்பதாயிரம் இன்று ரொக்கமாகக் கைக்கு வந்தது. "15.09.2025 தேதியிட்ட காசோலைக் கடனில் வரவு" என்று எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திட்டோம். புதிய காசோலை கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். 29-ஆம் தேதி வரை பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.